டாக்ரோலிமஸ் அளவு திடீரென இரண்டு மடங்கு. டோஸ் மாறவில்லை, என்ன காரணம்?

கோமதி, மல்லேஸ்வரம் | 15 அக்டோபர் 2024, இரவு 9:40

அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று முடிந்து நாலு வருடம். புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் இருக்க டாக்ரோலிமஸ் காலை 2 மி.கி., இரவு 2 மி.கி. ஒன்றரை வருடமாக இந்த டோஸில் மாற்றமே இல்லை. ரத்தத்தில் அளவு எப்போதும் 5.5, 6, 6.5 என்றுதான் வரும். செப்டம்பரில் 6.3. நேற்று எடுத்த ரத்தத்தில் 14.8. கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.6. பொட்டாசியமும் 5.4 ஆகிவிட்டது.

நான்கைந்து நாளாகவே காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொலுவுக்கு வீடு நிறைய ஆட்கள், தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டோம். டாக்டர் இன்று இரவு மாத்திரையை நிறுத்தி, நாளையிலிருந்து 1.5 + 1.5 என்று குறைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம். காரணம் கேட்டால் “சில சமயம் இப்படி ஆகும்” என்கிறார்கள். சும்மா ஆகாது என்று எனக்குத் தோன்றுகிறது. இதுபோல் யாருக்காவது ஆகியிருக்கிறதா?

ரவி, கோரமங்களா | 15 அக்டோபர், இரவு 10:05

லேப் தப்பாக இருக்கும். வேறு இடத்தில் எடுத்துப் பாருங்கள்.

செல்வம் (மருத்துவமனை மருந்தகம், 22 வருடம்) | 15 அக்டோபர், இரவு 11:20

லேப் தப்பு என்றால் கை நடுங்காது, ரவி. நடுக்கம், கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. அளவு நிஜமாகவே ஏறியிருக்கிறது.

கோமதி, நான்கு கேள்வி. அன்று ரத்தம் கொடுப்பதற்கு முன்பே காலை மாத்திரையைப் போட்டுவிட்டாரா? போட்டிருந்தால் எண் உயரமாகத்தான் வரும். இந்த இரண்டு வாரத்தில் சளி, காய்ச்சல் என்று வேறு டாக்டரிடம் போய் ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கான மாத்திரை ஏதாவது வாங்கினாரா? கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் இரண்டும் இந்த அளவை எளிதாக ஏற்றும். வயிற்றுப்போக்கு இருந்ததா? குடல் கெட்டால் டாக்ரோலிமஸ் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. கடைசியாக, புதிதாக ஏதாவது பழம், கஷாயம், நாட்டு மருந்து?

கோமதி | 16 அக்டோபர், காலை 6:50

மாத்திரைக்கு முன்புதான் ரத்தம் எடுத்தார்கள். முதல் நாள் இரவு 8-க்குப் போட்டது, காலை 8-க்கு ஊசி. இதில் அண்ணன் தவறவே மாட்டார். புது மருந்து இல்லை. வயிறு சரியாக இருக்கிறது. பழம் தினமும் சாத்துக்குடி, பப்பாளி. கிரேப்ஃப்ரூட் கூடாது என்று மாற்று சிகிச்சை முடிந்த அன்றே எழுதிக் கொடுத்தார்கள், தொடுவதில்லை. அந்தப் பழத்தை நாங்கள் கண்ணாலேயே பார்த்ததில்லை.

வாசு, இந்திராநகர் | 16 அக்டோபர், காலை 9:15

இந்தக் கிரேப்ஃப்ரூட் எச்சரிக்கை அமெரிக்காக்காரன் எழுதியதை அப்படியே இங்கே அச்சடித்திருப்பது. பெங்களூரில் யார் அதைச் சாப்பிடுகிறார்கள்? என் சந்தேகம் வேறு. மாத்திரை கம்பெனி மாறியதா என்று பாருங்கள். என் தங்கைக்கு வலிப்பு மாத்திரையில் அப்படி ஒரு தடவை ஆனது. கடைக்காரர் “அதே மருந்துதான்மா” என்று வேறு பட்டையைக் கொடுத்துவிட்டார்.

கோமதி | 16 அக்டோபர், மாலை 4:30

வாசு சார் சொன்னது சரி. இப்போதுதான் அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் 1-ஆம் தேதி வாங்கியது வேறு கம்பெனி. பழையது இருப்பு இல்லை என்று கொடுத்திருக்கிறார்கள், அண்ணனும் கவனிக்கவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். டாக்டருக்குப் படம் அனுப்பிவிட்டேன்.

செல்வம் | 16 அக்டோபர், இரவு 10:10

கம்பெனி மாறினால் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும், அளவும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கம்பெனி மாறி அளவு கொஞ்சம் ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். 6.3 என்பது 14.8 ஆனதை, அதை மட்டும் காரணமாக வைத்து, நான் பார்த்ததில்லை.

வீட்டில் சமைப்பவரிடம் ஒரு தடவை கேளுங்கள். நோயாளியிடம் கேட்டால் “எப்போதும் சாப்பிடுவதுதான்” என்று பதில் வரும். சமைத்துக் கொடுப்பவருக்குத்தான் வீட்டுக்குள் என்ன வந்தது என்று தெரியும்.

நிர்மலா, அல்சூர் | 17 அக்டோபர், காலை 11:00

எங்கள் வீட்டுக்காரருக்கும் மாத்திரை சாப்பிட்டால் கை நடுங்குகிறது. அவருக்கு ஆஸ்துமா. டாக்ரோலிமஸ் நிறுத்தலாமா?

செல்வம் | 17 அக்டோபர், மதியம் 1:30

நிர்மலா அம்மா, அவர் டாக்ரோலிமஸ் சாப்பிடவில்லை என்று நினைக்கிறேன். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்புடமாலுக்கும் கை நடுங்கும். பெயரைப் பட்டையில் பார்த்து எழுதுங்கள். எதையும் நிறுத்த வேண்டாம்.

கோமதி | 17 அக்டோபர், இரவு 8:55

செல்வம் சார், அண்ணியிடம் கேட்டேன்.

கொலுவுக்கு வந்த அண்ணியின் பெரியம்மா, தேவனஹள்ளிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார்கள், ஒரு சாக்கு சக்கோத்தா கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். நம் ஊரில் பம்பளிமாஸ் என்போமே, அதே. உள்ளே இளஞ்சிவப்பாக, ஒவ்வொன்றும் குழந்தையின் தலை அளவு. அக்டோபர் 4-ஆம் தேதியிலிருந்து தினமும் மாலை அண்ணி தோல் உரித்துச் சுளை எடுத்து, கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைக்க, அண்ணன் அரைப் பழம் சாப்பிட்டிருக்கிறார். நேற்று மாலை வரை. “கிரேப்ஃப்ரூட் இல்லையே, நம்ம ஊர்ப் பழம்தானே” என்று அண்ணி கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

செல்வம் | 17 அக்டோபர், இரவு 9:30

அதுதான். இன்று இரவே நிறுத்தச் சொல்லுங்கள்.

கிரேப்ஃப்ரூட் என்பது இந்தப் பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த பிள்ளை. 18-ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் கலந்தது. எந்தப் பொருளுக்காக கிரேப்ஃப்ரூட்டை வேண்டாம் என்கிறோமோ, அந்தப் பியூரனோகுமரின் தாய்ப் பழமான பம்பளிமாஸிலிருந்து வந்ததுதான். பம்பளிமாஸ் சாப்பிட்ட சிறுநீரக மாற்று நோயாளிக்கு டாக்ரோலிமஸ் ஏறியதை 2003-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். வாசு சார் சொன்னதில் ஒரு பாதி உண்மை: கிரேப்ஃப்ரூட்டை இங்கே யாரும் சாப்பிடுவதில்லை. அதனால்தான் இங்கே கொடுக்கிற தாளில் “சக்கோத்தா, பம்பளிமாஸ்” என்று எழுதியிருக்க வேண்டும். தேவனஹள்ளி சக்கோத்தாவுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, விமான நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பக்கம்தான். பெங்களூரில் மாற்று சிகிச்சை செய்கிறவர்கள் அந்த ஒரு வார்த்தையை எழுதாமல் விட்டது எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

இன்னொன்று, இதுதான் அவசரம். டோஸை ஏற்கெனவே குறைத்துவிட்டார்கள். இப்போது பழமும் நிற்கப்போகிறது. இரண்டும் சேர்ந்தால் அளவு தேவைக்குக் கீழே இறங்கும். கீழே போனால் கை நடுங்காது, ஒன்றும் தெரியாது, ஆனால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கலாம். நாளைக்கு ரத்தம் கொடுக்கும்போது பழத்தை எந்தத் தேதியில் தொடங்கினார், எந்தத் தேதியில் நிறுத்தினார் என்று தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். நீங்களாக டோஸை ஏற்றாதீர்கள்.

ரவி | 17 அக்டோபர், இரவு 10:15

இதற்கு இவ்வளவு பயம் எதற்கு? இடைவெளி விட்டால் போதும். எனக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தபோது பாலையும் தயிரையும் இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடச் சொன்னார்கள். அப்படியே செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. காலை 8, இரவு 8 மாத்திரை என்றால் மாலை 4 மணிக்குப் பழம் சாப்பிடலாம்.

செல்வம் | 18 அக்டோபர், காலை 7:10

ரவி, பால் விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. அதை இங்கே கொண்டுவந்ததுதான் தவறு. இந்த இடத்தில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டெட்ராசைக்ளின் வகை மருந்து வயிற்றுக்குள் பாலிலுள்ள கால்சியத்தைப் பார்த்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒட்டிக்கொண்டு, ரத்தத்துக்குள் போகாமல், அப்படியே வெளியே போய்விடும். பழைய டெட்ராசைக்ளினில் பாதிக்கு மேலேயே வீணாகும், டாக்ஸிசைக்ளினில் அதைவிடக் குறைவு. இரும்புச் சத்து மாத்திரையும், வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தும் இதே வேலையைச் செய்யும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் இது நடக்கும். சந்திக்க விடாமல் நேரத்தைத் தள்ளினால் பிரச்சினை தீர்ந்தது.

பம்பளிமாஸ் மருந்தைத் தொடுவதே இல்லை. அது குடல் சுவரைத் தொடுகிறது. அங்கே CYP3A4 என்று ஒரு நொதி காவல்காரன் மாதிரி நிற்கிறது. வாயால் போடும் டாக்ரோலிமஸில் பெரும்பகுதியை ரத்தத்துக்குள் விடாமல் அது சிதைத்துவிடும். நாம் போடும் 2 மி.கி.-இல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் உள்ளே போய்ச் சேருகிறது, அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் டாக்டர் டோஸ் போடுகிறார். பழத்தின் பியூரனோகுமரின் அந்த நொதியோடு ஒட்டி அதைக் கொன்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் தடுத்துவிட்டு விலகிப் போவதில்லை. குடல் புதிதாக நொதி செய்தால்தான் காவல் திரும்பும், அதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். மாலை 4-க்குச் சாப்பிட்டால் இரவு 8 மாத்திரைக்கும் காவல் இல்லை, மறுநாள் காலை மாத்திரைக்கும் குறைவுதான். கோமதியின் அண்ணன் போல் தினமும் சாப்பிட்டால் அது திரும்பி எழவே நேரம் கிடைப்பதில்லை.

அதே டாக்ரோலிமஸை நரம்பு வழியாக ஏற்றினால் இந்தப் பழத்தால் பெரிதாக மாற்றம் வராது. குடலைத் தாண்டிப் போகிறதல்லவா.

ரவி | 18 அக்டோபர், காலை 9:00

சரி. ஒட்டுவதும் கொல்வதும் வேறு என்று யாரும் இதுவரை எனக்குச் சொன்னதில்லை. எல்லா மாத்திரைக்கும் “கேப் விடுங்க” என்றுதான் கேட்டிருக்கிறேன்.

வாசு | 18 அக்டோபர், மதியம் 12:40

பழம் சாப்பிட்டால் மருந்து ஏறும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? நான் இன்னும் கம்பெனி மாறியதைத்தான் சந்தேகப்படுகிறேன். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்திருக்கிறது.

செல்வம் | 18 அக்டோபர், இரவு 9:45

யாரும் தேடவில்லை, தானாக மாட்டியது. கனடாவின் ஒன்டாரியோவில் லண்டன் என்று ஒரு ஊர். அங்கே டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். குடிப்பது மதுவா வெறும் சாறா என்று ஆட்களுக்குத் தெரியக் கூடாது. அதற்காக வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்த சாறுகளையெல்லாம் கலந்து பார்த்து, மதுவின் ருசியை மறைத்த கிரேப்ஃப்ரூட் சாறைத் தேர்ந்தெடுத்தார். மது குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. பிறகு அவரே தண்ணீரோடு ஒரு நாள், சாறோடு ஒரு நாள் மாத்திரை போட்டுப் பார்த்தார். சாறோடு போட்ட அன்று அளவு ஏறத்தாழ ஐந்து மடங்கு. 1989-இல் வெளியே சொன்னார்.

கம்பெனி மாறியதை நானும் ஒதுக்கவில்லை. அடுத்த ரத்தமே சொல்லிவிடும்: மாத்திரை அதே புதுக் கம்பெனி, நின்றது பழம் மட்டும்.

கோமதி | 19 அக்டோபர், காலை 10:20

நேற்று எடுத்தது வந்துவிட்டது: 9.6. டோஸ் குறைத்து இரண்டரை நாள், பழம் நிறுத்தி ஒன்றரை நாள். தேதிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சக்கோத்தாவா” என்றார். இன்னும் அதிகமாகத்தான் இருக்கிறது, 1.5 + 1.5 தொடரட்டும், செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறார். நடுக்கம் குறைந்திருக்கிறது. அண்ணி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தன் கையால் கொடுத்தோமே என்று.

நிர்மலா | 19 அக்டோபர், மதியம் 3:10

பட்டையைப் பார்த்து எழுதுகிறேன். ஆஸ்துமா மாத்திரை சால்புடமால்தான், செல்வம் தம்பி. இன்னும் இரண்டு இருக்கிறது: அம்லோடிபின் 5, அடோர்வாஸ்டாடின் 20. எங்களுக்கும் சக்கோத்தா பிடிக்கும். அவர் இனி தொடவே கூடாதா? கோமதி, உங்கள் அண்ணியைத் திட்டாதீர்கள்மா. நான் இருந்தாலும் உரித்துத்தான் கொடுத்திருப்பேன்.

செல்வம் | 19 அக்டோபர், இரவு 11:00

அம்மா, எல்லா மருந்தும் ஒரே அளவு மாட்டுவதில்லை. குடலில் எந்த மருந்து வழக்கமாக நிறையச் சிதைகிறதோ, அதுதான் காவல் போனதும் தாறுமாறாக ஏறும். அம்லோடிபினில் பெரும்பகுதி எப்படியும் உள்ளே போய்விடுகிறது, ஏறுவதற்கு மிச்சம் அதிகமில்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம். கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் கொஞ்சம் ஏறும். தினம் ஒரு டம்ளர் கிரேப்ஃப்ரூட் சாறுக்கு மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகமாக ஏறியதாகக் கணக்கு, லிட்டர் கணக்கில் குடித்தால் இரண்டு மடங்கைத் தாண்டும். என்றைக்காவது நாலு சுளை சாப்பிடுவதை நான் தடுக்க மாட்டேன். தினமும் அரைப் பழம் வேண்டாம். தொடை, தோள் சதை காரணமில்லாமல் வலித்தாலோ, சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அவர் சாப்பிடுவது சிம்வாஸ்டாடினாக இருந்திருந்தால் பழமே வேண்டாம் என்றிருப்பேன். அதில் நூற்றில் ஐந்து பங்குகூட ரத்தத்துக்குப் போவதில்லை, மீதியெல்லாம் வழியிலேயே சிதைகிறது. ரோசுவாஸ்டாடினுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழத்தை விட மனமில்லாதவர்கள் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

கோமதி | 22 அக்டோபர், இரவு 7:30

3.9.

செல்வம் சார் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. டாக்டர் இன்று இரவிலிருந்தே 2 + 2 என்று திருப்பிவிட்டார். கிரியாட்டினின் 1.3, பொட்டாசியம் 4.6. கை நடுக்கம் சுத்தமாக இல்லை. ஆனால் 14.8-ஐப் பார்த்தபோது வந்த பயத்தைவிட இந்த 3.9 எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமையே 2 + 2 ஆக்கியிருக்க வேண்டுமோ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்று 9.6 இருந்தது, ஆக்கியிருக்க முடியாது என்றும் தெரிகிறது. ஞாயிறு அன்றே இன்னொரு ரத்தம் எடுத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

வாசு | 22 அக்டோபர், இரவு 8:40

அதே புதுக் கம்பெனி மாத்திரையில்தானே 3.9 வந்தது? அப்படியானால் கம்பெனி இல்லை. என் சந்தேகத்தை விடுகிறேன், முழுவதும் இல்லை. டோஸும் குறைந்திருக்கிறதே. பழைய டோஸ், புதுக் கம்பெனி, பழம் இல்லை, அப்படி ஒரு எண் வரட்டும்.

ரவி | 24 அக்டோபர், காலை 8:20

நார்த்தங்காய் ஊறுகாய்? அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். அத்தைக்குச் சைக்ளோஸ்போரின்.

செல்வம் | 24 அக்டோபர், இரவு 10:30

சைக்ளோஸ்போரினும் இதே வழியில் ஏறும் மருந்து, கேட்டது நல்லதாயிற்று. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு இந்த விஷயத்தில் பயமில்லாதவை. கசப்பு ஆரஞ்சில், மார்மலேட் செய்வார்களே அதில், பியூரனோகுமரின் உண்டு. நார்த்தங்காய் என்ற பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு காயைப் போடுகிறார்கள், அதனால் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் சாப்பிடுபவருக்கு நான் கொடுக்க மாட்டேன்.

நிர்மலா | 25 அக்டோபர், காலை 7:45

ஒரு துண்டு ஊறுகாயில் என்ன வந்துவிடும் தம்பி? தயிர்சாதத்துக்கு அது இல்லாமல் எங்கள் மாமியார் எண்பது வயது வரை ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

செல்வம் | 25 அக்டோபர், மதியம் 2:00

உங்கள் மாமியார் சைக்ளோஸ்போரின் சாப்பிடவில்லையே அம்மா. ஒரே மரத்துப் பழங்களிலேயே இந்தப் பொருள் கூடக் குறைய இருக்கும், ஆளுக்கு ஆள் குடலில் அந்த நொதியும் கூடக் குறைய இருக்கும். ஒருவருக்கு ஒன்றும் ஆகாத துண்டு இன்னொருவருக்கு ஆகலாம்.

கோமதி | 29 அக்டோபர், மாலை 6:15

நேற்று எடுத்தது: 6.1. டோஸ் 2 + 2, புதுக் கம்பெனி, பழம் இல்லை. வாசு சார் கேட்ட எண் இதுதான். கிரியாட்டினின் 1.2.

தாளில் சக்கோத்தா என்று சேர்க்கச் சொல்லி மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அச்சடிப்பார்களா என்று அடுத்த மாதம் போய்ப் பார்ப்பேன். எங்கள் வீட்டுத் தாளில் அண்ணியே கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார், பெரியம்மா வந்தால் அவருக்கும் படிக்க வர வேண்டும் என்று.

மூன்று பழம் இன்னும் இருக்கிறது. நிர்மலா அக்கா, தீபாவளிக்கு அல்சூர் பக்கம் வருகிறேன், ஒன்றைக் கொண்டுவந்து தருகிறேன். உங்களுக்கு. மாமாவுக்கு நாலு சுளை.

நிர்மலா | 29 அக்டோபர், இரவு 9:05

வாம்மா. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. நான் தைராய்டு மாத்திரை மட்டும்தான் சாப்பிடுகிறேன், காலையில் காபியோடு. அது பரவாயில்லையா செல்வம் தம்பி?

செல்வம் | 29 அக்டோபர், இரவு 9:20

காபியோடா? அம்மா, அது பால் கதை மாதிரி, நேரம் தள்ள வேண்டிய கதை. வெறும் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். மாற்றிக் குடிக்கத் தொடங்கிய தேதியை எழுதி வைத்து, டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்க்கும்போது அந்தத் தேதி வேண்டும். இப்போதைய டோஸ், காபியால் ஆகும் இழப்பையும் சேர்த்து டாக்டர் போட்டது.